நாலாவது நாள் மாலை: ஒருவர் வேலையை மற்றவர்கள் முடித்துக் கொடுத்த கணக்குக் குழு

ஐந்து பேர் கொண்ட ஓர் அக்கவுண்ட்ஸ் குழு. ஒரு மாதத்தின் கணக்கை அடுத்த மாதத்தின் ஐந்தாவது வேலை நாளுக்குள் முடித்து மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். க்ளோசிங் என்பது அவர்களுக்கு இதுதான். கணக்குப் பிரிவில் ஆட்களை வேலையை வைத்துக் குறிப்பிடுவது வழக்கம் என்பதால், நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்: பில் பார்ப்பவர், வசூல் பார்ப்பவர், சம்பளம் பார்ப்பவர், சொத்துக் கணக்கு பார்ப்பவர், பேங்க் பார்ப்பவர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னிடம் யோசனை கேட்டு வந்தது பில் பார்ப்பவர். வேறு பிரிவில் இருந்த எனக்குக் க்ளோசிங் வேலை பழக்கம், அவ்வளவுதான்.

அவர் சொன்னது இது. பேங்க் பார்ப்பவரிடம் நான்கு வங்கிக் கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வங்கி அறிக்கையின் வரிகளையும் நம் புத்தகத்தின் பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். சின்னக் கணக்குகள் இரண்டையும் அவர் முதல் நாளே முடித்துவிடுவார். பணம் வெளியே போகும் கணக்கும் எப்படியோ முடியும். வாடிக்கையாளர் பணம் உள்ளே வரும் கணக்கு மட்டும் நாலாவது நாள் மதியம் வரை அப்படியே கிடக்கும். அன்று மாலை பில், வசூல், சம்பளம் மூவரும் தங்கள் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து அதைப் பொருத்தித் தருவார்கள். ஐந்தாவது நாள் கணக்கு போய்விடும். மேலாளர் நன்றி சொல்லி ஐந்து பேருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புவார்.

இன்னொன்றும் இருந்தது. சப்ளையர்கள் கேள்வி கேட்டு அனுப்பும் பொது மின்னஞ்சல் பெட்டியை ஐந்து பேரும் ஆளுக்கொரு வாரம் பார்க்க வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும் என்பது விதி. பேங்க் பார்ப்பவரின் வாரம் முடியும்போது ஐம்பது மின்னஞ்சல் பதில் இல்லாமல் நிற்கும். அடுத்த வாரத்துக்காரர் முதல் இரண்டு நாளும் பழையதைத்தான் துடைத்துக்கொண்டிருப்பார். சுற்றில் அடுத்த ஆள் பில் பார்ப்பவர்.

"ஆள் சோம்பேறி சார். நாங்க நாலு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம், எல்லாரும் சேர்ந்து மேலாளர்கிட்ட போகப் போறோம். சரியா?"

பேங்க் பார்ப்பவரைத் தவிர்த்துவிட்டு மற்ற நால்வரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள் என்பதும் பேச்சில் வந்தது. எனக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நால்வர் பல வாரம் பேசினால், அங்கே புதுத் தகவல் ஏதும் சேர்வதில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமாம் என்பார். கடைசியில் அந்த ஆளுக்கு ஒரு பட்டம் மிஞ்சும். மேலாளரிடம் போய் "ஆள் சோம்பேறி" என்றால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கே இவர்களிடம் பதில் இல்லை: என்ன வேலை, எந்த நாள், யார் செய்தது?

எனவே உடனே போக வேண்டாம், இன்னும் இரண்டு க்ளோசிங் பொறுங்கள் என்றேன்.

தன் பங்கைத் தானே அளப்பதில் உள்ள சிக்கல்

அந்த இடைவெளியில் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாங்கள் செய்த அடுத்தவர் வேலையை மட்டும் குறித்துவைப்பது. தேதி, என்ன வேலை, யாருடையது, எப்போது தெரியவந்தது, யார் எவ்வளவு நேரம் செய்தார்கள். பேங்க் பார்ப்பவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தடவை போனைப் பார்த்தார் என்றெல்லாம் எழுதக் கூடாது. அதெல்லாம் சக ஊழியர் அளக்க வேண்டிய விஷயம் இல்லை. எழுத ஆரம்பித்தால், உளவு பார்த்தீர்களா என்ற கேள்விக்கு நியாயமான பதிலும் இருக்காது.

கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் பொருத்தியது எந்தப் பயனர் என்று பதிவாகும். அதை அச்செடுத்துக் காட்டலாமா என்று வசூல் பார்ப்பவர் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். யார் எத்தனை வரி அழுத்தினார்கள் என்பதை மட்டும் அது காட்டும். ஒரே ஒரு சிக்கலான வரிக்காக வங்கியோடு அரை நாள் பேசியவரும், தானாகப் பொருந்திய நூறு வரிக்குச் சரி என்று அழுத்தியவரும் அந்தப் பட்டியலில் தலைகீழாகத் தெரிவார்கள்.

குறித்துவைக்கச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. கூட்டு வேலையில் தன் பங்கை மதிப்பிடும்போது மனிதர்கள் ஏறக்குறைய எப்போதும் கூட்டித்தான் சொல்கிறார்கள். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. பெருமைக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சண்டையை ஆரம்பிப்பது போன்ற நல்லதல்லாத விஷயங்களிலும் அதே போக்கு தெரிந்தது. தான் செய்தது தனக்கு எளிதாக நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்ததைப் பாதிநேரம் பார்ப்பதே இல்லை, அதனால் வரும் பிழை இது.

இந்தக் குழுவிலும் அது நடந்தது. முந்தைய க்ளோசிங்கின் நாலாவது நாள் மாலை நடந்த வேலையில் தங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று மூவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னோம். கூட்டினால் 140 வந்தது. மூவரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் குறித்துவைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்.

இரண்டு மாதக் குறிப்பு என்ன சொன்னது

முதல் க்ளோசிங்கில் மூவரும் சேர்த்து ஏழு மணி நேரம், இரண்டாவதில் எட்டு. மின்னஞ்சல் பெட்டியில் பேங்க் பார்ப்பவர் வாரத்தின் பாக்கிக்காகப் பில் பார்ப்பவர் செலவழித்தது அந்தச் சுற்றில் ஐந்து மணி நேரம். அவர்கள் நினைத்ததைவிட இது குறைவு. "மாசத்துக்கு மூணு நாள் எங்க வேலை போகுது" என்று ஆரம்பித்த புகார், மூவருக்கும் சேர்த்து ஒன்றரை நாளைக்குச் சற்றே மேலாக இறங்கியது. இறங்கியதால் பலவீனமாகிவிடவில்லை. இனி இதை யாரும் மறுக்க முடியாது.

அதைவிட முக்கியமாக, உட்கார்ந்து எழுதும்போது எந்த வரிகள் மிஞ்சுகின்றன என்று முதல் முறையாகப் பார்த்தார்கள். மிஞ்சியவை பெரும்பாலும் ஒரே வகை. எட்டு மாதத்துக்கு முன் நிறுவனம் இணையவழியில் பணம் வாங்க ஒரு பேமெண்ட் கேட்வேயைச் சேர்த்திருந்தது. அதற்கு முன் வாடிக்கையாளர் நேரடியாக வங்கிக்கு அனுப்புவார். வங்கியில் ஒரு வரி, புத்தகத்தில் ஒரு பதிவு, தொகையும் தேதியும் ஒன்று. மென்பொருள் தானே பொருத்திவிடும். கேட்வே அப்படி இல்லை. ஒரு நாளில் முப்பது வாடிக்கையாளர் கட்டிய பணத்தை ஒன்றாகத் திரட்டி, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, ஓரிரு நாள் கழித்து ஒரே தொகையாக வங்கியில் போடும். வங்கியில் ஒரு வரி, புத்தகத்தில் முப்பது, தொகையும் ஒத்துப்போகாது, தேதியும் ஒத்துப்போகாது. கேட்வேயின் தளத்திலிருந்து செட்டில்மெண்ட் அறிக்கையை இறக்கி, எந்த முப்பது என்று பார்த்து, கட்டணத்தைச் செலவில் எழுதினால்தான் அந்த ஒரு வரி பொருந்தும். மாதத்துக்கு இருபத்திரண்டு வரி, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் என்றால் ஐந்தரை மணி நேரம். எட்டு மாதமாகப் பேங்க் பார்ப்பவரின் மேசையில் சத்தமில்லாமல் சேர்ந்த வேலை இது. வேலைப் பங்கீடு இரண்டு வருடம் முன் போட்டது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. தணிக்கையாளர்கள் கேட்கும் வங்கி சம்பந்தமான கேள்விகள் எல்லாம் நேராக அவரிடம்தான் போகின்றன. மற்ற நால்வருக்கும் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

அப்படியானால் அவர் மேல் தப்பே இல்லையா? பில் பார்ப்பவர் இதைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டார். அப்படிச் சொல்லிவிட முடியாது. மின்னஞ்சல் பெட்டிக்கும் கேட்வேக்கும் சம்பந்தமில்லை. அதில் எல்லோருக்கும் ஒரே அளவு வேலை, அவர் வாரம் மட்டும் நிற்கிறது. க்ளோசிங்கிலும், வேலை கூடியது அவர் குற்றம் இல்லை என்றாலும், முடியாது என்று இரண்டாவது நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். நாலாவது நாள் மதியம் வரை சொல்லவில்லை. கேட்டால் "போயிட்டிருக்கு" என்பார். பெரிய புகாரிலிருந்து சுமையைக் கழித்தபின் மிஞ்சியது இந்த இரண்டும்தான். அவரிடம் பேச வேண்டியதும் இவை இரண்டைத்தான்.

அவர் சோம்பேறியா இல்லையா என்பதைத் தீர்ப்பது இவர்கள் வேலை இல்லை. ஒருவர் வேலையில் பின்தங்கினால் தெரியாததாலா, தாங்காததாலா, மனம் இல்லாததாலா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் மூன்றும் கலந்தே இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊகித்துக்கொண்டு போனால், தெரியாதவரைத் திட்டிவிட்டும், மனமில்லாதவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டும் வருவோம்.

நால்வர் போகாமல் ஒருவர் போனது

நால்வரும் சேர்ந்து பேசினால் விசாரணையாகிவிடும். எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது. மேலும், "எங்க எல்லாருக்கும் இப்படித்தான் தோணுது" என்று ஆரம்பிக்கும் பேச்சில் முதுகுக்குப் பின் பேசினார்கள் என்பது மட்டும்தான் அவர் காதில் விழும். ஒருவர் போதும். யார் போவது? அவரால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர், பழைய மனக்கசப்பு எதுவும் இல்லாதவர். வசூல் பார்ப்பவருக்கு ஒரு பதவி உயர்வு விவகாரத்தில் அவரோடு உரசல் இருந்தது, எனவே அவர் வேண்டாம். பில் பார்ப்பவர்தான் போனார்.

நாலாவது நாள் மாலை பேசக் கூடாது. அன்று எல்லோருக்கும் எரிச்சல் இருக்கும். அடுத்த க்ளோசிங் தொடங்கும் நேரத்திலும் கூடாது. கணக்கு போய் இரண்டு நாள் கழித்து, நடந்தது நினைவில் இருக்கும்போதே, மூடிய அறையில், இருவர் மட்டும். வருட இறுதியில் சக ஊழியர் மதிப்பீட்டுப் படிவம் வரும், அதில் பெயர் இல்லாமல் எழுதிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஒருவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததை முதன்முறையாகப் படிவத்தில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காமல் மதிப்பெண்ணைக் குறைப்பது அது.

என்ன சொல்வது என்று முன்கூட்டியே பேசிப் பார்த்தோம். அவர் முதலில் எழுதிவந்தது இப்படி இருந்தது: "நீங்க எப்பவுமே கடைசி நேரத்துல எங்க தலையில கட்டிடறீங்க." இதில் 'எப்பவுமே' பொய், 'தலையில கட்டிடறீங்க' உள்நோக்கம் கற்பிப்பது. ஒரே ஒரு மாதத்தில் எப்போதாவது அவர் தானே முடித்திருந்தாலும் முழுப் பேச்சும் அங்கேயே உடைந்துபோகும். மாற்றி எழுதியது:

"போன ரெண்டு க்ளோசிங்லயும் வசூல் கணக்கு முடியலங்கிறது எங்களுக்கு நாலாவது நாள் மத்தியானம்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு மூணு பேர் உக்காந்து முடிச்சோம், முதல் தடவை ஏழு மணி நேரம், ரெண்டாவது தடவை எட்டு. மெயில் பாக்ஸ்ல உங்க வாரத்துல ஐம்பது பாக்கி இருந்துது, அது என் வாரத்துல அஞ்சு மணி நேரத்தை எடுத்துக்கிச்சு. உங்க பக்கத்துல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல, அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கடைசி வாக்கியத்தை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களால் முடியாதது அந்த மௌனம்தான். சங்கடம் தாங்காமல் "பரவாயில்ல, எல்லாருக்கும் இப்படி ஆகறதுதான்" என்று தாங்களே சமாதானம் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள்.

பேச்சு சுமுகமாகப் போகவில்லை. முதலில் அவர், "மத்தவங்க மட்டும் என்ன கிழிச்சாங்க? ஆடிட்டர் கேள்வி ஒண்ணுக்கு யாராவது பதில் போட்டிருக்கீங்களா?" என்றார். அது பாதி உண்மை என்று பில் பார்ப்பவருக்குத் தெரிந்திருந்ததால் மறுக்கவில்லை. "அது உங்ககிட்ட வருதுன்னே எங்களுக்கு இப்பதான் தெரியும், அதையும் கணக்குல எடுக்கணும்" என்றார். அப்புறம்தான் கேட்வே பற்றிய பேச்சு வந்தது. செட்டில்மெண்ட் அறிக்கை எங்கே இருக்கிறது என்பதே பேங்க் பார்ப்பவருக்குத் தெரியாது. அவருக்கு அந்தத் தளத்தின் அனுமதியைக் கொடுத்திருக்கவும் இல்லை. முதல் மாதம் கேட்கத் தயங்கியிருக்கிறார், இரண்டாவது மாதம் கேட்டால் போன மாதம் எப்படிச் செய்தாய் என்று வரும், அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. வீட்டிலும் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது என்றார். பில் பார்ப்பவர் அதைத் தோண்டவில்லை. மேலாளரிடம் சொல்லியிருந்தால் நேரம் கிடைக்குமே, சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம் என்று மட்டும் சொன்னார். அது சரியான எல்லை. ஒருவர் வீட்டுப் பிரச்சினையைச் சக ஊழியர் ஆராயக் கூடாது. அதற்காக வேலையை யாருக்கும் தெரியாமல் முடிவில்லாமல் சுமக்க வேண்டியதும் இல்லை.

கடைசியில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பில் பார்ப்பவர் என்னிடம் வந்து கோபத்தோடு சொன்னார்: "நீங்களேதான வந்து முடிச்சுக் குடுத்தீங்க, நான் கேட்டனா?"

மறைத்துத் தாங்கியதன் விலை

எனக்கு அந்த வாக்கியத்தில் நியாயம் தெரிந்தது. கேட்காமல், சொல்லாமல் முடித்துக் கொடுத்ததால் விஷயமே மறைந்துபோனது. மேலாளருக்குக் கணக்கு ஐந்தாவது நாள் வந்துவிடுகிறது, அவருக்குப் பிரச்சினையே இல்லை. பேங்க் பார்ப்பவருக்குத் தான் முடிக்காததால் எதுவும் நடக்கவில்லை. கேட்வேக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற அவசரமும் யாருக்கும் வரவில்லை.

குழுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால் உழைப்பு இறங்கும் என்பது ஆள் குணத்தைப் பொறுத்தது மட்டும் அல்ல. லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய மூவர் 1979-இல் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லிச் சத்தத்தை அளந்தார்கள். தன்னோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள் என்று நம்பியபோது, உண்மையில் தனியாகக் கத்தியவரும் தன் வழக்கமான சத்தத்தில் முக்கால் பங்கைத்தான் கொடுத்தார். 1981-இல் அவர்களே செய்த அடுத்த ஆய்வில், ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பவைத்ததும் இந்தச் சரிவு காணாமல் போனது.

மறுபக்கமும் உண்டு. நார்பர்ட் கெர் 1983-இல் காட்டியது: திறமை இருந்தும் செய்யாத ஒருவருக்காக உழைக்கிறோம் என்று தெரிந்தால், உழைத்துக்கொண்டிருந்தவரும் கையை இறக்கிவிடுகிறார், தனக்குக் கிடைக்கும் பலன் குறைந்தாலும் பரவாயில்லை என்று. இந்தக் குழுவில் அதன் முதல் அறிகுறி தெரிந்திருந்தது. சொத்துக் கணக்கு பார்ப்பவர் நாலாவது நாள் மாலையில் உட்காருவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. மற்ற மூவரும் அவரைப் பற்றியும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கென்னவோ இந்த வழக்கில் அதிக ஆபத்தான இடம் அதுதான் என்று தோன்றியது. ஒருவர் பின்தங்குவதை ஒரு குழு தாங்கும், நல்ல வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகுவதைத் தாங்காது.

எனவே ஒளிந்து தாங்குவதை நிறுத்த வேண்டும். ஆனால் சொல்லாமல் நிறுத்துவது பழிவாங்கல். முன்பே சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், அதையும் வெளியாரைப் பாதிக்காத வேலையில் மட்டும். சப்ளையருக்குப் பணம் போவது நின்றால் பாதிக்கப்படுவது சம்பந்தமில்லாத ஒருவர். அங்கே வேலையைச் செய்துவிடலாம், ஆனால் திறந்து செய்ய வேண்டும்: "உங்கள் வாரத்தின் இந்த ஆறு மின்னஞ்சலுக்கு அவசரம் கருதி இன்று நான் பதில் போட்டேன்" என்று அவருக்கே ஒரு வரி.

ஒப்புக்கொண்டது என்ன

முதல் பேச்சுக்குப் பிறகு ஒரு வாரத்தில் ஐவரும் உட்கார்ந்தார்கள். பேங்க் பார்ப்பவரை நடுவில் வைத்து அல்ல. தலைப்பு, இரண்டு வருடப் பழைய வேலைப் பங்கீடு. கேட்வே அறிக்கையை வசூல் பார்ப்பவர் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் வாடிக்கையாளர் கணக்கு எப்படியும் அவரிடம்தான் இருக்கிறது, எந்த முப்பது பேர் என்பது அவருக்கு உடனே தெரியும். பதிலுக்கு அவர் பார்த்துவந்த வங்கிக் கட்டண விசாரணைகள் பேங்க் பார்ப்பவருக்குப் போயின. தணிக்கைக் கேள்விகள் பொதுப் பட்டியலில் ஏறின, மற்றவர்களும் பார்க்கும்படி.

அப்புறம் ஒரு சின்ன அட்டவணை. க்ளோசிங்கின் இரண்டாவது நாள் மாலைக்குள் ஒவ்வொருவரும் தன் வேலையில் இன்னும் எத்தனை வரி பாக்கி, எப்போது முடியும், உதவி தேவையா என்று எழுத வேண்டும். ஐவரும் எழுத வேண்டும் என்பதில் பில் பார்ப்பவர் பிடிவாதமாக இருந்தார். பேங்க் பார்ப்பவருக்கு மட்டும் என்றால் அது கண்காணிப்பு. ஐவருக்கும் என்றால் வேலையின் ஒரு பகுதி. உதவி கேட்பது குற்றம் இல்லை, இரண்டாவது நாள் சொல்லாமல் நாலாவது நாள் சொல்வதுதான் குற்றம் என்றும் பேசிக்கொண்டார்கள். மின்னஞ்சல் பெட்டியில், கேட்காமல் அடுத்தவர் வாரத்தைத் தொடுவதில்லை.

நால்வரின் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தார்கள். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது என்று கேள்வி.

அதன் பிறகு மூன்று மாதம்

முதல் க்ளோசிங்கில் இரண்டாவது நாள் மாலை பேங்க் பார்ப்பவர் எழுதினார்: 210 வரி பாக்கி, நாளை மாலைக்குள் 60 ஆகும், ஒரு ஆள் இரண்டு மணி நேரம் தேவை. சம்பளம் பார்ப்பவர் மூன்றாவது நாள் மதியம் உட்கார்ந்தார். நாலாவது நாள் மாலை எல்லோரும் நேரத்துக்குக் கிளம்பினார்கள். இரண்டாவது க்ளோசிங்கில் உதவியே தேவைப்படவில்லை. அவர் மாதக் கடைசி வரை காத்திராமல் வாரம் ஒரு முறை பொருத்தத் தொடங்கியிருந்தார். அந்தப் பாதி உண்மையிலேயே சுமையும் தெரியாமையும்தான் என்று இப்போது சொல்லலாம்.

மின்னஞ்சல் பெட்டி மாறவில்லை. அவருடைய அடுத்த வாரம் முடிந்தபோது நாற்பது பாக்கி. ஒப்புக்கொண்டபடி யாரும் தொடவில்லை. பில் பார்ப்பவர் இரண்டாவது முறையாகப் பேசினார், இந்த முறை சுருக்கமாக: போன முறை பேசினோம், இந்த வாரம் நாற்பது நிற்கிறது, திங்கள் மாலைக்குள் முடியுமா? முடியும் என்றார். திங்கள் மாலை முப்பத்திரண்டு இருந்தது.

இங்கேதான் சக ஊழியரின் எல்லை முடிகிறது. மூன்றாவது முறையும் தாங்களே பேசிக்கொண்டிருந்தால் அது நச்சரிப்பு. தண்டிக்கவோ, வேலையை மாற்றவோ இவர்களுக்கு அதிகாரம் இல்லை. மேலாளரிடம் போக வேண்டிய நேரம் அது, ஆனால் பேங்க் பார்ப்பவருக்குத் தெரியாமல் அல்ல. "இதை நாளைக்கு மேலாளர்கிட்ட எடுத்துட்டுப் போறேன். நீங்களும் வந்தா நல்லது, இல்ல முதல்ல நீங்களே போய்ச் சொன்னாலும் சரி" என்று பில் பார்ப்பவர் முந்தைய நாளே சொன்னார். அவர் வரவில்லை.

மேலாளரின் முதல் பதில், எதிர்பார்த்ததுதான்: "பெரியவங்கதானே, பேசித் தீர்த்துக்கக் கூடாதா?" அதற்காகத்தான் குறிப்பு. எந்தத் தேதியில் பேசினார்கள், என்ன ஒப்புக்கொண்டார்கள், க்ளோசிங் எப்படிச் சரியானது, பெட்டியில் எத்தனை நிற்கிறது, எத்தனை சப்ளையர் இரண்டாவது முறை கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம். க்ளோசிங் சரியானதை அதில் முதலில் எழுதியிருந்தார். அது பெருந்தன்மைக்காக இல்லை. அதை விட்டுவிட்டால் குறிப்பு பொய்யாகிவிடும். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ஒரே கேள்வி: பெட்டியை ஐவரும் சுற்றில் பார்ப்பது தொடர வேண்டுமா, வேண்டாமா? தொடர வேண்டும் என்றால் நிற்பதை யார் கேட்பது? முடிவெடுக்கச் சொல்லிக் கேட்டதால் மேலாளரால் நழுவ முடியவில்லை.

அவர் பேங்க் பார்ப்பவரோடு தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது இவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நால்வரில் இருவருக்கு அதில் மனக்குறை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. நடவடிக்கை என்ன என்பதை அறியும் உரிமை புகார் சொன்னவருக்குக் கிடையாது, தன் வேலை இனி எப்படி இருக்கும் என்பதை அறியும் உரிமை மட்டும் உண்டு. அது கிடைத்தது: சுற்று தொடரும், ஒவ்வொரு வெள்ளியும் பாக்கி எண்ணிக்கை மேலாளருக்குப் போகும், அந்த வாரத்துக்காரர் பெயரோடு, ஐவருக்கும்.

இந்த வழி எல்லா இடத்திலும் ஓடாது. மேலாளரே அந்த ஒருவருக்கு நெருங்கியவராக இருந்தால் குறிப்பு இழுப்பறையில் கிடக்கும். அப்போது வேலைப் பங்கை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தன் பங்கை மட்டும் செய்வதைத் தவிரச் சக ஊழியருக்குப் பெரிய வழி இல்லை. குழுவுக்கு நேற்று வந்தவர் இதை எடுத்துப் போவதும் நடக்காது, மூத்தவர் ஒருவர் கேட்க வேண்டும். பின்தங்குபவருக்கு வேலையே போகும் நிலை என்று தெரிந்தால் முதல் பேச்சுக்கும் மேலாளருக்கும் நடுவில் இன்னும் ஒரு முறை வெளிப்படையாகச் சொல்வது நியாயம்.

நான் கடைசியாகக் கேட்டபோது வெள்ளிக்கிழமை எண்ணிக்கையில் பேங்க் பார்ப்பவரின் வாரத்தில் பன்னிரண்டு, பதினைந்து என்று நின்றது. மற்றவர்கள் வாரத்தில் ஐந்து, ஆறு. சொத்துக் கணக்கு பார்ப்பவரின் வாரம் ஒன்றில் பதினெட்டு. அதைப் பற்றி அவரிடம் யார் பேசுவது என்று பில் பார்ப்பவர் யோசித்துக்கொண்டிருந்தார்.